சீட்டில் என்ன பிரிவு என்று பாருங்கள்

ஒரு டீயைச் சொல்லிவிட்டு உட்காருவோம். அவசரமாகப் பேசினால் குழம்பிவிடுகிற விஷயம் இது.

ஒத்தக்கடையில் இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், முத்து என்று வைத்துக்கொள்வோம். குட்டி யானை ஓட்டுகிறார். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு, வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு பைக்கில் வீட்டுக்குத் திரும்புகிறார். கோரிப்பாளையம் பக்கம் போகும்போது கைபேசி அடிக்கிறது. ஒரு கையில் ஹேண்டில்பார், இன்னொரு கையில் போன். போலீஸ் நிறுத்துகிறது. இ-செலான் போடுகிறார்கள், லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். முத்து அபராதத்தைக் கட்டிவிடுகிறார். சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை வழக்கம்போல குட்டி யானையை எடுக்கிறார்.

இந்தக் கதையில் முத்து இரண்டு இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார். அவர் மட்டுமல்ல, நான் கேட்ட அளவில் பத்துக்கு ஒன்பது பேர் அப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். அபராதம் கட்டியதோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தது ஒன்று. கையில் சீட்டு இருப்பதால் ஓட்டலாம் என்று நினைத்தது இன்னொன்று. இரண்டாவதை முதலில் பார்ப்போம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 206-ஆம் பிரிவு, போலீஸ் எப்போது ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறது. பழைய ஏற்பாடு இது: ஒரு குற்றம் செய்த ஓட்டுநர் சம்மனுக்கு வராமல் நழுவிவிடுவார் என்று தோன்றினால், லைசென்ஸை எடுத்து நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அதற்குப் பதிலாகத் தற்காலிக ஒப்புகைச் சீட்டு ஒன்று கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டைக் காட்டி, லைசென்ஸ் திரும்பி வரும்வரை அல்லது சீட்டில் குறித்த தேதிவரை வண்டி ஓட்டலாம். நம் அப்பா, சித்தப்பா தலைமுறை லாரிக்காரர்கள் இந்தச் சீட்டைத்தான் பார்த்துப் பழகினார்கள். அடகுக்கடை ரசீது மாதிரி: நகை உள்ளே இருக்கிறது, ஆனால் நகை நம்முடையதுதான்.

2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது அதே 206-இல் நான்காவது உட்பிரிவு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதிவேகம், ஆபத்தாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், பந்தயம் விடுதல், ஹெல்மெட் போடாதது, பைக்கில் மூன்று பேர், ஆம்புலன்ஸுக்கு வழி விடாதது போன்ற ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. இவற்றில் ஒன்று நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால், லைசென்ஸை எடுத்து, அதை வழங்கும் அதிகாரிக்கு, அதாவது நாம் ஆர்டிஓ என்று சொல்லும் வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு அனுப்ப வேண்டும். இதற்கும் ஒப்புகைச் சீட்டு உண்டு. ஆனால் இந்தச் சீட்டு வண்டி ஓட்ட அனுமதி ஆகாது என்று சட்டமே எழுதிவிட்டது. லைசென்ஸ் கைக்கு வரும்வரை ஓட்டக் கூடாது.

ஆக இரண்டு சீட்டு, இரண்டுக்கும் பெயர் ஒன்று. ஒன்று ஓட்டவிடும், மற்றது ஓட்டவிடாது. முத்து கையில் போனோடு ஓட்டியது ‘ஆபத்தாக ஓட்டுதல்’ என்ற 184-ஆம் பிரிவுக்குள் வருகிறது. கையில் பிடித்த போனை ஓட்டும்போது பயன்படுத்துவது, சிகப்பு விளக்கைத் தாண்டுவது, எதிர்த்திசையில் வருவது எல்லாம் அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே பெயர் சொல்லி வைக்கப்பட்டவை. ஆகவே அவருக்குக் கிடைத்தது இரண்டாவது சீட்டு. மறுநாள் குட்டி யானையை எடுத்தபோது அவரிடம் ஓட்டும் அனுமதி இல்லை. சீட்டு கைக்கு வந்தவுடன் பார்க்க வேண்டியது அதில் எழுதியிருக்கும் பிரிவு எண்ணைத்தான். லைசென்ஸ் அட்டையே இல்லாமல் டிஜிலாக்கரில் காட்டினேன், அதனால் பறிமுதல் செய்ய ஒன்றுமில்லை என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அந்தச் சந்தோஷம் நிலைக்காது. பறிமுதலையும் தகுதியிழப்பையும் அரசின் இணையதளத்திலேயே பதிவு செய்ய இப்போது விதி இருக்கிறது.

இனி முதல் தவறு. கைபேசிக் குற்றத்துக்கு இடத்திலேயே பணம் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. இதைச் சமரசத் தொகை என்பார்கள். வழக்கு நீதிமன்றம் போகாமல் இருக்க நாம் கொடுக்கும் விலை அது. ஆனால் அந்த வசதியைக் கொடுக்கும் 200-ஆம் பிரிவு கூடவே ஒரு வரியையும் வைத்திருக்கிறது: பணம் கட்டுவதால் 206(4)-இன் கீழ் நடக்கும் நடவடிக்கையிலிருந்து ஒருவர் விடுபட மாட்டார். மின்சாரக் கட்டணப் பாக்கியைக் கட்டினோம் என்பதற்காக வீட்டு வரிப் பாக்கி தீராது அல்லவா? பணம் போனது போலீஸ் கணக்கில். லைசென்ஸ் கணக்கு இன்னும் ஆர்டிஓ மேசையில் திறந்தே இருக்கிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. இப்படிப் பணம் கட்டி முடித்த குற்றமும் ‘முன்பு ஒரு முறை செய்தது’ என்று கணக்கில் ஏறும். அது எதற்கு முக்கியம் என்பதைச் சற்றுப் பிறகு பார்ப்போம்.

இப்போது நமக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். லைசென்ஸைப் பிடுங்கியதும் போலீஸ், ஓட்டக் கூடாது என்ற சீட்டைக் கொடுத்ததும் போலீஸ். அப்படியென்றால் சஸ்பெண்ட் செய்தது போலீஸ்தானே? இல்லை. போலீஸ் தபால்காரர் மாதிரி, எடுத்து அனுப்பும் அதிகாரம் மட்டும்தான். தகுதியிழப்பு ஏற்படுத்துவதும் ரத்து செய்வதும் லைசென்ஸ் கொடுத்த அதிகாரியின் வேலை, அதுவும் நம்மைக் கேட்ட பிறகு. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2022-இல் இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் சொன்னது: ஒரு பெண்ணின் லைசென்ஸைப் போலீஸ் அதிகாரியே சஸ்பெண்ட் செய்தது செல்லாது என்று.

சரி, ஆர்டிஓ மேசைக்கு வருவோம். 19-ஆம் பிரிவு இங்கே பேசும். அனுப்பப்பட்ட லைசென்ஸ் வந்ததும், உரிமையாளருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு கொடுக்க வேண்டும். வழக்கமாக இது ஒரு விளக்கம் கேட்கும் நோட்டீஸாக வரும். ‘ஏன் தகுதியிழப்பு செய்யக் கூடாது’ என்று கேட்கும். கேட்ட பிறகு அதிகாரிக்கு இரண்டு வழி. ஒன்று, ஆளை விடுவித்து லைசென்ஸைத் திருப்பிக் கொடுப்பது. இது சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்ட வழி, யாரும் கேட்பதில்லை என்பதால் மறந்துபோன வழி. இன்னொன்று, காரணங்களை விரிவாக எழுதி, முதல் முறை என்றால் மூன்று மாதம் தகுதியிழப்பு. இரண்டாவது முறை என்றால் லைசென்ஸே ரத்து. சமரசப் பணம் கட்டியதும் கணக்கில் ஏறும் என்றேனே, அது இங்கேதான் வேலை செய்கிறது. இரண்டாவது தடவை சிக்கும்போது மூன்று மாதம் என்பது ரத்தாகத் திரும்பிவிடும்.

தகுதியிழப்பு என்றால் என்ன என்பதிலும் நாம் கவனமாக இருக்கலாம். அட்டையை இழப்பது அல்ல அது. ‘லைசென்ஸ் வைத்திருக்கவோ வாங்கவோ கூடாது’ என்பது ஆள் மேல் விழும் தடை. ரேஷன் கார்டைத் தொலைத்தால் நகல் வாங்கலாம், பட்டியலிலிருந்து பெயரே அடிபட்டுவிட்டால் எந்தக் கடையில் போய் நின்றும் பயனில்லை. மதுரை வடக்கில் தடை விழுந்தால் திண்டுக்கல்லில் போய் புதிதாக எடுக்க முடியாது. யூடியூபர் டிடிஎஃப் வாசன் விஷயம் பலருக்கும் நினைவிருக்கும். 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் பைக்கில் சாகசம் செய்யப்போய் விழுந்தார். அடுத்த மாதம் அவரது லைசென்ஸ் 2033 அக்டோபர் 5 வரை, பத்து ஆண்டுக்குத் தகுதியிழப்பு ஆனது. அவருடைய பெயர் மறுபடி செய்தியில் வந்தது நம் ஊரிலிருந்துதான்: 2024 மே மாதம், கார் ஓட்டியபடி கைபேசியில் பேசியதாக மதுரை அண்ணா நகர் போலீசார் வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டு எப்படி என்று கேட்டால், போலீஸ் அனுப்பும் வழியில் மட்டும்தான் மூன்று மாதம் என்ற அளவு உண்டு. 19(1) என்ற பழைய வழியில், ‘இவர் ஓட்டினால் மக்களுக்கு ஆபத்து’ போன்ற காரணங்களுக்காக ‘குறித்த காலம்’ என்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்தை அதிகாரி நிர்ணயிக்கிறார்.

முத்துவுக்குத் திரும்புவோம். நோட்டீஸ் வந்ததும் அவர் செய்ய வேண்டியது என்ன? ‘ஐயா, இனிமே செய்ய மாட்டேன், பிள்ளைகுட்டிக்காரன்’ என்று எழுதுவது நம் ஊர் வழக்கம். அது இரக்கத்துக்கு உதவலாம், உத்தரவை மாற்றுவதற்கு அரிதாகத்தான் உதவும். அதிகாரி பார்க்க வேண்டியது குற்றம் நடந்ததா, அதற்கு எந்த நடவடிக்கை பொருந்தும் என்பதை. வண்டி ஓரத்தில் நின்றிருந்தபோது பேசினாரா? எஞ்சின் அணைந்திருந்ததா? வழி காட்டும் வரைபடத்துக்காக மட்டும், கவனம் சிதறாத விதத்தில் போனைப் பயன்படுத்துவதை மத்திய மோட்டார் வாகன விதிகள் 2020-இலிருந்து அனுமதிக்கின்றன. அதற்காகத்தான் பயன்படுத்தினாரா? இருந்தால் ஆதாரத்தோடு எழுதலாம். இல்லாததை எழுதினால் நேரில் கேட்கும்போது நிற்காது. போலீஸ் கையில் படமும் இருக்கும்.

முத்துவுக்கு இன்னொரு நல்ல வாதம் இருக்கிறது, அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். சட்டம் ‘லைசென்ஸில் உள்ள எல்லா வகை வண்டிகளுக்கும் அல்லது ஏதாவது ஒரு வகைக்கு’ என்று எழுதியிருக்கிறது. அவர் லைசென்ஸில் இரண்டு வரி இருக்கிறது: கியர் உள்ள இருசக்கர வண்டி, இலகு ரக வாகனம். குற்றம் பைக்கில் நடந்தது. சோறு போடுவது குட்டி யானை. அதனால் தடை விழத்தான் வேண்டும் என்றால் பைக்குக்கு மட்டும் விழட்டும், என் பிழைப்பு வண்டியை விட்டுவிடுங்கள் என்று எழுத்தில் கேட்கலாம். கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, கேட்காவிட்டால் யோசிக்கக்கூட மாட்டார்கள். அதே கடிதத்தில், லைசென்ஸ் எந்தத் தேதியில் பறிமுதலானது என்பதையும் எழுதி, அந்த நாளிலிருந்தே மூன்று மாதத்தைக் கணக்கிடும்படியும் வேண்டலாம். ஏனென்றால் சீட்டோடு உட்கார்ந்திருந்த நாட்களும் அவருக்கு வண்டி இல்லாத நாட்கள்தான்.

நோட்டீஸ் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். பழைய முகவரியில் எடுத்த லைசென்ஸாக இருந்தால் நோட்டீஸ் அங்கேதான் போகும். நமக்கு எட்டாமலேயே ‘வாய்ப்பு கொடுத்தோம், வரவில்லை’ என்று உத்தரவு வந்துவிடும். சீட்டின் நகலோடு ஒரு மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, இன்னொரு நகலில் சீல் போட்டு வாங்கி வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை.

உத்தரவு வந்துவிட்டது, மூன்று மாதம். இப்போது மேல்முறையீடு. உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள். உத்தரவில் போட்ட தேதி வேறு, கைக்கு வந்த தேதி வேறு. தபால் உறையைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொண்டால் அந்த வித்தியாசத்தைக் காட்டலாம். மேல்முறையீடு விதிகள் குறித்த மேல் அதிகாரிக்குப் போகும். அவர் ஆர்டிஓ பக்கத்துக்கும் தகவல் கொடுத்து, இரண்டு பக்கமும் கேட்டு முடிவு சொல்வார். அந்த முடிவு இறுதியானது. மேல்முறையீடு போட்டதாலேயே தடை நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தடைக்குத் தடை வேண்டும் என்று தனியே கேட்டு, எழுத்தில் வாங்கினால்தான் வண்டியைத் தொடலாம்.

‘இறுதி’ என்றால் உயர் நீதிமன்றக் கதவும் மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவில் ரிட் மனு போடலாம். மதுரைக்காரர்களுக்கு 2004-இலிருந்து மாட்டுத்தாவணி தாண்டியதும் உயர் நீதிமன்றக் கிளையே இருக்கிறது. ஆனால் அங்கே ‘நான் பேசினேனா இல்லையா’ என்று விசாரிக்க மாட்டார்கள். நோட்டீஸ் கொடுத்தார்களா, காரணம் எழுதினார்களா, சட்டம் கொடுத்த எல்லைக்குள் நின்றார்களா என்று பார்ப்பார்கள். இந்தக் கிளைக்கு அதிகம் வந்தவர்கள் பஸ், லாரி ஓட்டுநர்கள். விபத்தில் உயிர்ப்பலி, போலீஸ் எஃப்ஐஆர் போடுகிறது, அதை வைத்து லைசென்ஸ் சஸ்பெண்ட். வழக்குப் பதிவானது ஒன்றை மட்டும் காரணமாக்கி, வேறு எதையும் ஆராயாமல் சஸ்பெண்ட் செய்வதை நீதிமன்றம் ஏற்காமல் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன உத்தரவுகள் உண்டு. சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படித்தால் காரணம் புரியும். மரணம் அல்லது பெருங்காயம் உண்டாக்கியதாக வழக்கு பதிவானதுமே லைசென்ஸ் தானாக சஸ்பெண்ட் ஆவது, அந்த ஆள் ஏற்கெனவே 184-இல் தண்டிக்கப்பட்டிருந்தால் மட்டும்தான். முதல் விபத்து என்றால் அந்தத் தானியங்கிக் கதவு மூடாது.

நீண்ட தடை விழுந்தவர்களுக்கு இன்னொரு சின்ன ஜன்னல் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. உத்தரவு போட்டு ஆறு மாதம் கழிந்தால், உத்தரவு போட்ட அதே அதிகாரியிடமோ நீதிமன்றத்திடமோ ‘தடையை நீக்குங்கள் அல்லது குறையுங்கள்’ என்று மனு போடலாம். முதல் மனுவுக்குப் பலனில்லை என்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி. மூன்று மாதத் தடைக்காரருக்கு இந்த ஜன்னல் திறப்பதற்குள் தடையே முடிந்துவிடும்.

இவ்வளவு நேரம் ஆள் கதை. முத்துவின் மச்சான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் என்று வைத்தால் வண்டிக்கென்றே இன்னொரு காகிதம் வருகிறது: பெர்மிட். லைசென்ஸ் ஓட்டுகிற ஆளுக்கு, பெர்மிட் வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு. வீட்டுக்கு வரி ரசீதும் கடைக்கு வியாபார உரிமமும் தனித்தனியாக இருப்பதுபோல. குட்டி யானைக்குப் பெர்மிட் வேண்டாம், மொத்த எடை மூவாயிரம் கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆட்டோவுக்கு வேண்டும். மூன்று பேர் ஏற்ற வேண்டிய பெர்மிட்டில் எட்டு பேரை ஏற்றினால், பெர்மிட் நிபந்தனையை மீறியதாக 86-ஆம் பிரிவில் சஸ்பெண்ட் செய்யவோ ரத்து செய்யவோ போக்குவரத்து ஆணையம் முயலலாம். அதற்கும் முதலில் நோட்டீஸ். இங்கே ஓட்டுநர் செய்த தப்புக்கு அடிபடுவது பெர்மிட் வைத்திருக்கும் உரிமையாளர். ஒரு சலுகையும் உண்டு: சஸ்பெண்டுக்குப் பதிலாக ஒரு தொகை கட்ட உரிமையாளர் சம்மதித்தால், ஆணையம் அதை ஏற்று பெர்மிட்டை விட்டுவிடலாம். சம்மதம் இல்லாமல் தொகையை விதிக்க முடியாது. மேல்முறையீடு ஆர்டிஓவுக்கு மேல் அதிகாரியிடம் அல்ல, சென்னையில் இருக்கும் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. பிரிவு 89.

தடை இருக்கும்போது ஓட்டினால் என்ன ஆகும் என்று முத்து கேட்பார். 182-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். விபத்து நடந்துவிட்டால் அதைவிடப் பெரியது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும்படி தீர்ப்பு வரலாம், ஆனால் தகுதியிழந்தவர் ஓட்டினார் என்று காட்டி அந்தப் பணத்தை வண்டி முதலாளியிடமிருந்து வசூலித்துக்கொள்ள முயலும். அந்த ஓட்டுநருக்குத் தெரிந்தே சாவி கொடுத்த முதலாளி மேலும் தனி வழக்கு வரும்.

முத்துவுக்கு மூன்று மாதம் முடிகிற நாளில் லைசென்ஸ் தானாக வீட்டுக்கு வந்துவிடாது. தடைக்காலம் முடிந்தாலும், அங்கீகாரம் பெற்ற பயிற்சிப் பள்ளியில் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்று 19-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதனால் கடைசி நாளில் போய் விசாரிக்காமல் தடைக்காலத்துக்குள்ளேயே பயிற்சியை முடித்து, சான்றிதழை நகலெடுத்து வைத்துக்கொண்டால் அடுத்த நாள் காலையில் மாட்டுத்தாவணிக்கு லோடு ஏற்றலாம்.